பாக்கெட் மூலையில் எவ்வளவு ஆரம் வேண்டும்: மில்லிங்குக்கு வடிவத்தைத் தயார் செய்தல்

மில்லிங் செய்யப்போகும் ஒரு பாகத்தைத் திரையில் வரையும்போது உள்மூலைகள் கத்தி முனைபோலக் கூர்மையாக இருக்கும். இயந்திரத்தால் அந்த மூலையை வெட்ட முடியாது. சுழலும் கட்டர் வட்டமானது. அது போய் நிற்கும் உள்மூலையில் தன் ஆரத்தைவிடச் சிறிய வளைவை அதனால் விட்டுவர இயலாது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு ஆரம் கொடுப்பது என்று கேட்டால், புதியவர்கள் பெரும்பாலும் கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணைக் கணக்கிட்டுத்தான் பெற வேண்டும். மூலை ஆரத்தைக் கட்டர் விட்டம் தீர்மானிக்கிறது. கட்டர் விட்டத்தைப் பாக்கெட் எனப்படும் உட்குழியின் ஆழம் தீர்மானிக்கிறது. அந்த ஆழத்தை எந்தப் பக்கத்திலிருந்து, எப்படிப் பிடித்து வெட்டுகிறோம் என்பதை, வெட்டப்போகும் மூல உலோகத் துண்டான ஸ்டாக்கின் அமைப்பு தீர்மானிக்கிறது. ஆகவே ஸ்டாக்கிலிருந்து தொடங்கி மூலையில் முடிப்பதே சரியான வரிசை.

ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு முழுவதும் பார்ப்போம். 6061 அலுமினியத்தில் ஒரு சிறு மின்னணுப் பெட்டி. வெளி அளவு 100 × 60 மி.மீ., உயரம் 22 மி.மீ. உள்ளே 90 × 50 மி.மீ. பாக்கெட், ஆழம் 16. அதாவது சுற்றுச் சுவர் 5 மி.மீ., தரை 6 மி.மீ. உள்ளே 88 × 48 மி.மீ. சர்க்யூட் பலகை ஒன்று உட்கார வேண்டும். நான்கு மூலைகளிலும் எம்3 திருகு. மூன்று அச்சு கொண்ட செங்குத்து மில்லிங் இயந்திரம், இரு தாடைகளால் பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் சாதாரண வைஸ். இவ்வளவுதான் கையில் இருப்பது.

ஸ்டாக்: எவ்வளவு கூடுதல், எந்தப் பக்கம் முதலில்

105 × 65 × 30 மி.மீ. அளவுள்ள ஒரு துண்டை எடுப்போம். பக்கவாட்டில் ஒவ்வொரு புறமும் 2.5 மி.மீ. கூடுதல். உயரத்தில் மொத்தம் 8 மி.மீ. கூடுதல், அதில் 1 மி.மீ. முதல் முகத்தைச் சமப்படுத்தப் போகும், மீதி 7 மி.மீ. வைஸ் பிடிப்பதற்கானது. வெட்டி எறியப்போகும் 7 மி.மீ. வீண் என்று தோன்றலாம். அது இல்லாவிட்டால் முதல் செட்டிங்கில், அதாவது முதல் முறை வைஸில் பிடித்து வெட்டும்போது, வெளிச்சுவரை முழு உயரத்துக்கும் ஒரே மூச்சில் வெட்ட முடியாது.

இப்போது கேள்வி: பாக்கெட்டை முதலில் வெட்டுவதா, அடிப்பக்கத்தை முதலில் வெட்டுவதா? பாக்கெட்டுதான் முக்கியமான வேலை என்பதால் புதியவர்கள் அதையே முதல் செட்டிங்கில் செய்துவிடுவார்கள். பிறகு பாகத்தைக் கவிழ்த்து, 5 மி.மீ. மெல்லிய சுவர்களை வைஸில் பிடித்து, அடியில் மிஞ்சிய 7 மி.மீ.-ஐ எடுக்க முயல்வார்கள். அப்போது வைஸ் இறுகும் அளவுக்கு நீளச் சுவர்கள் உள்நோக்கி வளையும். மேலே வெட்டப்படுவதோ கீழே வெற்றிடம் உள்ள ஒரு மெல்லிய தகடு, அது அதிரும். பிடியைத் தளர்த்தினால் பாகம் நழுவும், இறுக்கினால் சுவர் வளையும்.

அதனால் நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதல் செட்டிங்கில் பெட்டியின் அடிப்பக்கம் மேலே பார்க்கட்டும். அந்த முகத்தைச் சமப்படுத்தி, வெளிச்சுவரையும் முழுவதும் வெட்டி முடித்துவிடலாம். இரண்டாம் செட்டிங்கில் கவிழ்த்து, முடிந்த அடிமுகத்தைப் பாரலல் எனும் தாங்கு கட்டைகள் மேல் வைத்து, கீழிருந்து 5 மி.மீ. உயரத்துக்கு மட்டும் வைஸ் தாடைகள் பிடிக்கட்டும். அந்த உயரத்தில் உள்ளே இருப்பது 6 மி.மீ. தடித்த தரை. தாடையின் அழுத்தம் முழுவதும் கெட்டியான உலோகத்தின் மேல் விழுகிறது. அதற்கு மேலே உள்ள சுவர்களைத் தாடை தொடுவதே இல்லை. பாக்கெட் காலியான பிறகும் சுவர் நேராக நிற்கும். மாறாக 14, 15 மி.மீ. உயரத்துக்குப் பிடித்திருந்தால், பாக்கெட் காலியாகும்போது சுவர் உள்ளே சாயும். கடைசி வெட்டு அதை நேராகச் சீவும். வைஸைத் தளர்த்தியதும் சுவர் வெளியே மீண்டு, நடுவில் அகலமான பாக்கெட்டாக நிற்கும்.

இரண்டு செட்டிங்கிலும் தாடைக்குள் போவது 5 மி.மீ. என்பதால் ஒரே பாரலல் ஜோடி போதும். தாடை உயரம் 40 மி.மீ. என்றால் பாரலல் 35 மி.மீ. பிடிப்பு ஆழம் குறைவுதான். ஆகவே முகத்தை எடுக்கும்போது ஒரு பாஸுக்கு 1 மி.மீ.-க்கு மேல் பேராசைப்பட வேண்டாம்.

Z0 எங்கே

ஸ்டாக்கின் மேல்முகத்தைத் தொட்டு அதையே உயரக் கணக்கின் தொடக்கமான Z0 என்று வைப்பது பரவலான பழக்கம். இந்தப் பாகத்தில் அது தொல்லை தரும். 30 மி.மீ. என்று வாங்கிய பட்டை உண்மையில் 29.6 இருக்கலாம்.

முதல் செட்டிங்கின் கணக்கைப் பாருங்கள். பாரலலிலிருந்து 29 மி.மீ. உயரத்தில் பெட்டியின் முடிந்த அடிமுகம் வர வேண்டும். வெளிச்சுவரை 22 மி.மீ.-க்கு அரை மி.மீ. கூடுதலாக, 22.5 ஆழம் வரை இறக்குகிறோம். அப்படியானால் கட்டர் முனை பாரலலிலிருந்து 6.5 மி.மீ. உயரத்தில் நிற்கும். தாடையின் மேல்விளிம்பு 5 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. இடைவெளி 1.5 மி.மீ.

இப்போது மேல்முகத்தைத் தொட்டு, 1 மி.மீ. கீழே Z0 வைத்தோம் என்று கொள்வோம். பட்டை 29.6 என்றால் எல்லாமே 0.4 மி.மீ. இறங்கும், இடைவெளி 1.1 ஆகும். பட்டை 28.5 என்றால் கட்டர் தாடையை உரசும். அதற்குப் பதிலாகப் பாரலலின் மேல்முகத்தை அளவுக்கு ஆதாரமாக வைத்து, அதிலிருந்து 29 மி.மீ. மேலே Z0 என்று அமைத்தால், பட்டையின் தடிமன் எப்படியிருந்தாலும் தாடைக்கும் கட்டருக்கும் உள்ள 1.5 மி.மீ. மாறாது. மாறுவது மேல்முகத்தில் எடுக்கும் கனம் மட்டும்தான். 29.6 பட்டையில் 0.6 மி.மீ. எடுப்போம், அது போதும்.

இரண்டாம் செட்டிங்கிலும் பாரலல்தான் ஆதாரம். முடிந்த அடிமுகம் அதன் மேல் உட்கார்ந்திருப்பதால் அதையே Z0 ஆக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல்விளிம்பு Z22, பாக்கெட் தரை Z6. ஜாப்பை வைப்பதற்கு முன் பாரலல் மேல் 10 மி.மீ. அளவுக்கட்டை வைத்து, கட்டர் முனையை அதைத் தொடும் வரை இறக்கி, அந்த நிலையை Z10 என்று பதிந்தால் வேலை முடிந்தது. ஜாப்பை வைத்து இறுக்கியபின் மென்சுத்தியலால் தட்டி, பாரலல்களை விரலால் நகர்த்திப் பாருங்கள். நகர்ந்தால் ஜாப் மேலே எழும்பியிருக்கிறது. அப்படியே வெட்டினால் தரை அந்த அளவுக்கு மெலியும்.

மென்பொருளுக்கு ஸ்டாக்கைச் சொல்வது

கட்டரின் பாதையைக் கணக்கிடும் கேம் மென்பொருளில் ஸ்டாக் அளவைக் கொடுக்கும்போது வாங்கிய சீட்டில் இருக்கும் அளவைக் கொடுக்காதீர்கள். துண்டை அளந்து கொடுங்கள். ரம்பத்தால் அறுத்த முனை நேராக இருப்பது அரிது. நீளம் மேலே 105.4, கீழே 104.2 என்று வரலாம். பெரிய அளவை மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் நகர்வதாக எண்ணிக்கொண்டு கட்டர் வேக நகர்வில் உலோகத்துக்குள் போகும். சிறிய அளவை நீங்கள் மனத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்: அந்த இடத்திலும் 100 மி.மீ. பாகம் அடங்குகிறதா, பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டராவது மிஞ்சுகிறதா என்று.

இதைவிட ஆபத்தான பிழை இரண்டாம் செட்டிங்கில் நடக்கிறது. வெளிச்சுவர் முடிந்துவிட்டதே என்று ஸ்டாக்கை 100 × 60 பெட்டியாக வரையறுத்துவிடுவார்கள். ஆனால் கவிழ்த்தபின் மேலே என்ன இருக்கிறது? முதல் செட்டிங்கில் தாடைக்குள் இருந்த பகுதி. அது 105 × 65 அளவில், சுமார் 6.5 மி.மீ. தடிப்பில், முடிந்த சுவருக்கு வெளியே ஒவ்வொரு புறமும் 2.5 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கிறது. மென்பொருளுக்கு அந்த விளிம்பு தெரியாது. கட்டரைப் பாகத்துக்குச் சற்று வெளியே முழு வேகத்தில் இறக்கும். இறங்கும் இடத்தில் உலோகம் இருக்கும். எனவே இரண்டாம் செட்டிங்கின் ஸ்டாக்காக முதல் செட்டிங்கில் மிஞ்சிய வடிவத்தையே எடுக்கும்படி அமைக்க வேண்டும். அந்த வசதி இல்லாத மென்பொருள் என்றால், 105 × 65 × 29 பெட்டி என்று கொடுங்கள். கொஞ்சம் காற்று வெட்டுவதில் நஷ்டமில்லை. வைஸ் தாடைகளையும் இரண்டு எளிய கட்டைகளாக மாதிரியில் வரைந்து சேர்த்துவிடுங்கள்.

அதே நீட்டிய விளிம்பு இன்னொரு இடத்திலும் குறுக்கே நிற்கும். X, Y பூஜ்யத்தைக் கண்டுபிடிக்க, விளிம்பைத் தொட்டு இடம் காட்டும் எட்ஜ் ஃபைண்டரைச் சுவருக்குக் கொண்டுபோனால், முனை சுவரைத் தொடுவதற்குமுன் அதன் தண்டு மேலே உள்ள விளிம்பில் முட்டும். ஆகவே இரண்டாம் செட்டிங்கின் நிரலை இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது. முதல் பகுதி, தோராயமான பூஜ்யத்தில் மேலே உள்ள 7 மி.மீ.-ஐ முகமெடுத்து Z22-க்குக் கொண்டுவரும். இதற்கு அரை மி.மீ. பிசகினாலும் குற்றமில்லை. விளிம்பு போனபின் சுவர்கள் வெளிப்படும். அப்போது எட்ஜ் ஃபைண்டரால் நான்கு சுவர்களையும் தொட்டு, மையத்தைத் துல்லியமாக எடுத்து, பாக்கெட் நிரலை ஓட்டலாம்.

ஆழத்திலிருந்து கட்டர் விட்டம்

பாக்கெட் ஆழம் 16. ஹோல்டரின் கீழ்முனை பெட்டியின் மேல்விளிம்பில் படாமல் இருக்க இன்னும் 4 மி.மீ. சேர்த்தால், கட்டர் ஹோல்டரிலிருந்து 20 மி.மீ. வெளியே நீட்டியிருக்க வேண்டும். இந்த 20 தான் இனிமேல் எல்லாவற்றையும் நிர்ணயிக்கும் எண்.

ஒரு முனையில் பிடிக்கப்பட்ட தண்டு வளையும் அளவு, நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும் மாறும்.

```
வளைவு ~ L^3 / d^4
```

நீட்டத்தை இரு மடங்காக்கினால் வளைவு 8 மடங்கு. விட்டத்தைப் பாதியாக்கினால் 16 மடங்கு. அதே 20 மி.மீ. நீட்டத்தில் 8 மி.மீ. கட்டருக்குப் பதில் 6 மி.மீ. போட்டால் வளைவு 3 மடங்குக்குச் சற்று மேல், 10 மி.மீ.-க்குப் பதில் 6 போட்டால் ஏறக்குறைய 7.7 மடங்கு. ஒரு மில்லிமீட்டர் சிறிய ஆரத்துக்கு ஆசைப்படும்போது நாம் கொடுக்கும் விலை இதுதான்.

நடைமுறை வரம்பு எளிது. நீட்டம் விட்டத்தின் 3 மடங்குக்குள் இருந்தால் கவலையின்றி வெட்டலாம். 4, 5 மடங்கு என்றால் வெட்டின் கனத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொண்டு வெட்டலாம். அதற்கு மேல் போனால் சிறப்புக் கட்டரும் பொறுமையும் தேவைப்படும். நம் 20 மி.மீ. நீட்டத்துக்கு 10 மி.மீ. கட்டர் 2 மடங்கு, 8 மி.மீ. கட்டர் 2.5 மடங்கு, 6 மி.மீ. கட்டர் 3.3 மடங்கு, 4 மி.மீ. கட்டர் 5 மடங்கு. எனவே சுகமான எல்லை 8. முடியும் என்ற எல்லை 6. இது கார்பைடு கட்டருக்கான கணக்கு; ஹை ஸ்பீடு ஸ்டீல் எனும் எச்.எஸ்.எஸ். கட்டரின் விறைப்பு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் அதற்கு இன்னும் அடக்கமாக இருக்க வேண்டும்.

வெளிச்சுவருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அங்கே உள்மூலையே இல்லை, 16 மி.மீ. கட்டரைத் தாராளமாகப் போடலாம். வெளிமூலைகள் கூர்மையாகவே இருந்தாலும் இயந்திரத்துக்கு அக்கறையில்லை, கைக்குத்தான் 0.5 மி.மீ. சேம்பர் எனும் சரிவு வெட்டு தேவை.

மூலை ஆரம் கட்டர் ஆரத்தைவிடப் பெரியதாக இருக்கட்டும்

8 மி.மீ. கட்டர் என்றால் மூலை ஆரம் 4 என்று போடத் தோன்றும். வேண்டாம். நேர்ச்சுவரில் 1 மி.மீ. பக்கவெட்டு எடுத்துக்கொண்டு வரும் 8 மி.மீ. கட்டர், தன் சுற்றளவில் சுமார் 41 பாகை மட்டுமே உலோகத்தைத் தொடுகிறது. ஆரம் சரியாக 4 ஆக உள்ள மூலைக்குள் அது நுழைந்ததும் எதிர்ச்சுவரும் சேர்ந்துகொள்ள, தொடும் கோணம் 131 பாகை ஆகிறது. கட்டர் அங்கே நின்று திசை திரும்புகிறது. அந்தக் கணத்தில் கட்டர் வளைந்து சுவருக்குள் தோண்டும். அல்லது அதிர்ந்து கூவும். மூலையில் விசிறிபோல விரிந்த கோடுகள் தெரிந்தால் காரணம் இதுவே.

மூலை ஆரத்தை 5 ஆக வைத்தால் கட்டரின் மையம் 1 மி.மீ. ஆரமுள்ள ஒரு வில்லில் சுற்றிப் போகிறது, நின்று திரும்புவதில்லை. கட்டர் ஆரத்தைவிட கால் பங்கு கூடுதல் என்பது நல்ல அளவு. பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மையம் 1 மி.மீ. ஆரத்தில் போகும்போது, சுவரைச் சீவும் விளிம்பு 5 மி.மீ. ஆரத்தில் போகிறது. மையத்தின் ஃபீட், அதாவது நகரும் வேகம், நிமிடத்துக்கு 800 மி.மீ. என்றால், சுவரில் அது 4000 ஆகிறது. பெரும்பாலான கேம் மென்பொருள்களில் உள்வளைவுகளில் ஃபீட்டைக் குறைக்கும் அமைப்பு உண்டு, அதை இயக்கிவிடுங்கள். கையால் நிரல் எழுதுபவர்கள் இந்த விகிதத்தில் குறைக்கலாம்:

```
F_மையம் = F × (R - r) / R
```

F சுவரில் வேண்டிய ஃபீட், R மூலை ஆரம், r கட்டர் ஆரம். நம் மூலையில் 800-க்குப் பதில் 160.

தரையும் சுவரும் சந்திக்கும் விளிம்பு வேறு விஷயம். தட்டையான எண்ட் மில் அங்கே தானாகவே கூர்மையான மூலையை விட்டுச் செல்லும். அதற்கு வளைவு எதுவும் வரையாதீர்கள். எல்லா விளிம்புகளையும் தேர்ந்தெடுத்து ஒரே கட்டளையில் வளைவு போடும்போது தரை விளிம்புக்கும் ஆரம் 5 விழுந்துவிடும். பிறகு அதை வெட்ட 10 மி.மீ. பந்துமுனைக் கட்டர் பல முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். செங்குத்து விளிம்புகள் நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

பலகை மூலையில் இடிக்கிறதா

ஆரம் 5 இயந்திரத்துக்குச் சுகம். ஆனால் 90 × 50 பாக்கெட்டுக்குள் 88 × 48 பலகை உட்காருமா? நேர்ச்சுவர்களில் சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி இருக்கிறது. மூலையில் இல்லை. பலகையின் மூலை சதுரமாக இருந்தால், மூலை வளைவின் மையத்திலிருந்து அது 5.66 மி.மீ. தூரத்தில் இருக்கும், வளைவோ 5-இல் முடிந்துவிடுகிறது. பலகை 0.66 மி.மீ. இடிக்கும். திரையில் இரண்டும் தனித்தனியாகச் சரியாகத் தெரிவதால் இதைப் பலரும் கவனிப்பதில்லை.

சதுர மூலை கொண்ட ஒன்று, சுற்றிலும் g இடைவெளியுடன் பாக்கெட்டுக்குள் போக வேண்டுமானால், மூலை ஆரத்தின் உச்சவரம்பு இது:

```
R <= 3.41 × g
```

நம் 1 மி.மீ. இடைவெளிக்கு 3.4 மி.மீ. ஆரம்தான் எல்லை. மேற்கொண்டு மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் யோசிப்பது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு.

பலகை இன்னும் தயாராகவில்லை என்றால், அதன் மூலைகளை 3 மி.மீ. ஆரத்தில் உருட்டச் சொல்லுங்கள். பலகையின் வெளிக்கோட்டை வெட்டுவதும் ஒரு சிறு கட்டர்தான். வெளிமூலையை உருட்டுவது அதற்குக் கூடுதல் வேலையே அல்ல. அப்போது மூலையில் 0.59 மி.மீ. இடைவெளி கிடைக்கும். பெட்டியின் ஆரம் 5 அப்படியே இருக்கும். வெளிமூலையை மாற்றுவது எப்போதும் எளிது, உள்மூலையை மாற்றுவது எப்போதும் கடினம். அதனால் முதலில் எதிர்ப்பாகத்தைப் பாருங்கள்.

பலகையை மாற்ற முடியாது என்றால், ஆரத்தை 3.4 ஆக்கி, பாக்கெட்டின் பெரும்பகுதியை 10 மி.மீ. கட்டரால் காலி செய்து, மூலைகளில் மிஞ்சியதை மட்டும் 6 மி.மீ. கட்டரால் எடுக்கலாம். இந்த ஆரத்தில் இடைவெளி சுழியத்தை ஒட்டி நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம். பலகையும் பாக்கெட்டும் அளவில் சற்றுப் பிசகினாலும் உரசும். 3.2 வைத்தால் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். கட்டரின் ஆரமோ 3, கூடுதல் முன்பு சொன்ன பத்தில் ஒரு பங்கைவிடவும் குறைகிறது; ஆகவே ஃபீட்டை நன்றாகக் குறைத்தே வெட்ட வேண்டும்.

மூன்றாவது வழி, மூலையில் சுவருக்குள் ஒரு வட்டப் பள்ளம் எடுத்து விடுவது. சதுரமான கட்டை இறுக்கமாகப் பொருந்த வேண்டிய இடங்களுக்கு இதுவே சரி. நம் பெட்டியில் சுவர் 5 மி.மீ. மட்டுமே என்பதால், மூலையில் அதை மேலும் அரிக்க நான் விரும்பமாட்டேன்.

விட்டத்தின் உண்மையான எல்லை ஒளிந்திருக்கும் இடம்

பலகையைத் தாங்க, தரையிலிருந்து 5 மி.மீ. உயரத்தில் நான்கு தூண்கள் வேண்டும். வரைபவர் இயல்பாக 6 மி.மீ. விட்டமுள்ள உருளைத் தூண்களை வரைந்து, திருகுத் துளையைப் பலகை விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே வைப்பார். அதாவது தூணின் மையம் பாக்கெட் சுவரிலிருந்து 5 மி.மீ. தூணின் ஆரம் 3. அப்படியானால் தூணுக்கும் சுவருக்கும் நடுவே 2 மி.மீ. சந்துதான் இருக்கிறது.

அந்தச் சந்துக்குள் போகக்கூடிய கட்டர் 2 மி.மீ.-ஐவிடச் சிறியதாக இருக்க வேண்டும். தரை வரை இறங்க அது 16 மி.மீ.-க்கு மேல் நீட்டியிருக்க வேண்டும். விட்டத்தைப்போல் பத்து மடங்கை நெருங்கும் நீட்டம். மூலை ஆரத்தைப் பற்றி நாம் செய்த கணக்கு எல்லாம் இந்த ஒரு சந்தில் வீணாகிறது. மூலை ஆரத்தை மட்டும் பார்த்துவிட்டு வடிவம் தயார் என்று சொல்லிவிடக் கூடாது. பாக்கெட்டுக்குள் இரண்டு சுவர்கள் எதிரெதிரே மிக நெருங்கும் இடம் எது என்று தேடுவதும் அதே அளவு அவசியம்.

இங்கே தீர்வு அந்த இடைவெளியையே நிரப்பிவிடுவது. உருளைத் தூணுக்குப் பதில், ஒவ்வொரு மூலையிலும் சுவரோடு ஒட்டிய 10 × 10 மி.மீ. மேடை ஒன்று, Z11 உயரத்தில். மேடையின் பக்கம் பாக்கெட் சுவரைச் சந்திக்கும் இடத்தில் ஓர் உள்மூலை உருவாகும். அதற்கும் ஆரம் 5. பாக்கெட்டின் நடுவை நோக்கிய மேடை மூலை வெளிமூலை, அதைக் கூர்மையாகவே விடலாம். திருகுத் துளையின் மையம் இரு சுவர்களிலிருந்தும் 5 மி.மீ., பழைய இடத்திலேயே. 8 மி.மீ. கட்டர் இப்போது எல்லா இடத்துக்கும் போகும். கூடுதல் நன்மையாக, மேடைக்கு மேலே பாக்கெட் மூலையின் ஆழம் 16-இலிருந்து 11 ஆகக் குறைந்துவிடுகிறது.

எந்தச் சந்தில் கட்டர் போகாது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நம்பகமான சோதனை உண்டு. பாக்கெட் தரையின் வெளிக்கோட்டைக் கட்டர் ஆரத்துக்கு, அதாவது 4 மி.மீ.-க்கு, உள்நோக்கி ஆஃப்செட் செய்யுங்கள். கிடைத்த கோட்டை அதே 4 மி.மீ.-க்கு வெளிநோக்கி மீண்டும் ஆஃப்செட் செய்யுங்கள். திரும்பி வந்த கோடு முதல் கோட்டின் மேல் எங்கெல்லாம் பொருந்தவில்லையோ, அங்கெல்லாம் உலோகம் மிஞ்சும். உருளைத் தூண்கள் இருந்த வடிவத்தில் இதைச் செய்தால் நான்கு சந்துகளும் அப்படியே மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். இதற்குக் கேம் மென்பொருள்கூடத் தேவையில்லை; எந்த வரைவு மென்பொருளிலும் முடியும். வெளிமூலைகள் சில மென்பொருள்களில் ஆஃப்செட் செய்யும்போது உருண்டு வரலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கட்டர் பாக்கெட்டுக்குள் நுழைய இடம் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூடிய பாக்கெட்டில் பக்கவாட்டிலிருந்து வர வழியில்லை. 2, 3 பாகை சரிவில் இறங்கவோ சுருளாக இறங்கவோ வேண்டும். நம் பாக்கெட்டில் நடுவே தாராளமான இடம் இருப்பதால் கவலையில்லை.

முதல் துண்டை அளத்தல்

வைஸிலிருந்து எடுப்பதற்கு முன்பே பாக்கெட்டின் அகலத்தை மேலேயும், தரையை ஒட்டியும் அளந்து பாருங்கள். மேலே 50.00, கீழே 49.92 என்றால் கட்டர் வளைந்திருக்கிறது. அடியில் இருக்கும்போது அது சுவரைவிட்டு விலகிப் போயிருக்கிறது. அளவு எதையும் மாற்றாமல் அதே கடைசிப் பாஸை இன்னொரு முறை ஓட்டினால் பெரும்பகுதி சரியாகும். சரியாகவில்லை என்றால் நீட்டத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். 20-க்குப் பதில் 25 மி.மீ. நீட்டிக் கட்டியிருந்தால், அதுவே வளைவை ஏறக்குறைய இரு மடங்காக்கியிருக்கும்.

பிறகு வைஸைத் தளர்த்தி, நீளச் சுவரின் நடுவில் அதே அகலத்தை மீண்டும் அளக்க வேண்டும். தளர்த்துவதற்கு முன்பும் பின்பும் எண் மாறினால் தாடை சுவரை அழுத்தியிருக்கிறது. பிடித்த உயரம் 5 மி.மீ.-தானா, பாரலல் மாறிப் போட்டுவிட்டோமா என்று பாருங்கள்.

எதிரெதிர்ச் சுவர்களின் தடிமன் 4.9, 5.1 என்று வந்தால் பூஜ்யம் 0.1 மி.மீ. விலகியிருக்கிறது, இரண்டாம் பகுதி நிரலுக்கு முன் எட்ஜ் ஃபைண்டரால் எடுத்த மையத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். தரைத் தடிமன் 6-க்குக் குறைவாக இருந்து, மொத்த உயரமும் அதே அளவுக்குக் குறைவாக இருந்தால், ஜாப் பாரலலில் சரியாக உட்காரவில்லை. உயரம் 22 சரியாக இருந்து தரை மட்டும் மெலிந்திருந்தால் தவறு ஜாப்பில் இல்லை. பாக்கெட் கட்டரின் நீள அளவைப் பதிந்ததில் இருக்கிறது, அந்த ஒரு கட்டரை மட்டும் மறுபடி அளவுக்கட்டையில் தொட்டுப் பதியுங்கள்.